இரண்டு பக்கமும் பக்கத்து வீடு, நடுவில் 16 அடி மனை: காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஜன்னல் எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் கொசப்பேட்டையில் 16-க்கு 50 மனை. மேற்கே தெரு. வடக்கிலும் தெற்கிலும் ஒட்டி வீடுகள். முன்னாடியும் பின்னாடியும் ஜன்னல் வைத்தால் போதாதா?

போதாது. சிக்கல் வீட்டின் நடுவில்தான் இருக்கிறது. முன்னால் 5 அடியும் பின்னால் 4 அடியும் விட்டால் கட்டடத்தின் நீளம் 41 அடி. இருபுறமும் 9 அங்குலச் சுவர் போனால் உள் அகலம் 14½ அடி. ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம், அந்த ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைப் போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம்தான் உருப்படியாக உள்ளே எட்டும். வழக்கமான 7 அடி லிண்டலுக்கு இது 14 முதல் 17 அடி. அதுவும் நடுவில் சுவர் இல்லாதபோதுதான். ஹால் முடிந்து குறுக்குச் சுவர் வந்ததும் வெளிச்சம் நின்றுவிடும். நடுவில் சுமார் 11 அடி நீளத்துக்குப் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும்.

காற்றுக்கும் இதே நிலைதான். முன் ஜன்னலில் நுழைந்த காற்று பின் ஜன்னலை அடைய இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். இரவில் அந்தக் கதவுகள் சாத்தியிருக்கும்.

ஆகவே இந்த வீட்டுக்கு மூன்று திறப்புகள் தேவை: முன்புறம், பின்புறம், வானம். மூன்றாவதை வரைபடத்திலேயே வைத்துவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு சேர்ப்பது கடினம்.

நடுவில் முற்றம் விட்டால் இடம் வீணாகாதா? அதற்குப் பதில் பக்கவாட்டில் 3 அடி சந்து விட்டால் ஜன்னல் வைத்துக்கொள்ளலாமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 41 அடி நீளத்துக்கு 3 அடி சந்து விட்டால் 123 சதுர அடி போகிறது. அறைகளின் அகலமும் 14½ அடியிலிருந்து 11½ அடியாகச் சுருங்குகிறது. அதே வீட்டின் நடுவில் 5-க்கு 6 அடி முற்றம் வைத்தால் போவது 30 சதுர அடி மட்டும். சந்தின் ஒரு பக்கம் உங்கள் சுவர், மறுபக்கம் பக்கத்து வீட்டின் சுவர். இரண்டும் 20 அடி உயர்ந்துவிட்டால் 3 அடி இடுக்கில் கீழ்த்தள ஜன்னலுக்குத் தெரியும் வானம் ஒரு கோடு அளவுதான். நடு முற்றம் இருட்டான இடத்திலேயே திறக்கிறது. கூடவே சூடான காற்று மேலேறிப் போவதற்கான வழியும் ஆகிறது.

மனை 25 அடிக்கு மேல் அகலமாக இருந்தால் சந்தைப் பற்றி யோசிக்கலாம். 16 அடியில் அது சரிப்படாது.

அப்படியானால் உள்ளே எதை எங்கே வைப்பது?

மேற்கிலிருந்து கிழக்காகச் சொல்கிறோம். முன் ஹால் 14 அடி நீளம். அடுத்து 11 அடி நடுப்பகுதி: இதில் ஒரு பக்கம் மாடிப்படி, அதை ஒட்டி 5-க்கு 6 அடி முற்றம், மிச்சத்தில் சாப்பாட்டு மேசை. கடைசியில் 13¾ அடி: அதில் சமையலறையும் குளியலறையும் பின்வாசலும் வரும். படுக்கையறைகள் மாடியில். முன், பின் சுவர்களுக்குத் தலா 9 அங்குலம், இரண்டு குறுக்குச் சுவர்களுக்குத் தலா 4½ அங்குலம் சேர்த்தால் 41 அடி கணக்கு சரியாக வரும்.

மாடிப்படியை முற்றத்தோடு ஒட்டி வைப்பதுதான் இந்த அமைப்பின் உயிர். படிக்கும் முற்றத்துக்கும் நடுவே முழுச் சுவர் எழுப்பாதீர்கள். கைப்பிடிக் கிரில் போதும். படிக்கட்டின் வெற்றிடமும் முற்றத்தின் வெற்றிடமும் சேர்ந்து ஒரே பெரிய கிணறாக வேலை செய்யும். முற்றத்தின் ஒரு பக்கம் பக்கத்து வீட்டை ஒட்டி வருமானால் அங்கே உங்கள் சுவரைக் கடைசிவரை நீங்களே எழுப்புங்கள். பக்கத்து மனை இன்று காலியாக இருக்கிறது, வெளிச்சம் அங்கிருந்து வரும் என்று கணக்குப் போடக் கூடாது.

இடம் மிச்சமாகும் என்று மேஸ்திரி 3-க்கு 3 டக்ட் போதும் என்கிறார். என்ன வித்தியாசம்?

டக்ட் வேறு, முற்றம் வேறு. கழிவறை, குளியலறையின் காற்று போக டக்ட் இருந்தால் போதும். தேசிய கட்டட விதித் தொகுப்பு, 10 மீட்டர் வரை உயரமுள்ள கட்டடத்தில் இதற்கே 1.2 சதுர மீட்டர் கேட்கிறது. அதாவது ஏறக்குறைய 13 சதுர அடி, எந்தப் பக்கமும் 0.9 மீட்டருக்குக் குறையக் கூடாது. 3-க்கு 3 என்பது 9 சதுர அடி. கழிவறைக்கே அது சிறியது.

வெளிச்சத்துக்கு அது சுத்தமாக உதவாது. இரண்டு தளமும் கைப்பிடிச் சுவரும் சேர்ந்து 22 அடி ஆழம் என்றால், 3 அடி டக்டின் ஆழம் அகலத்தைப் போல் ஏழு மடங்குக்கு மேல். அடியில் நின்று அண்ணாந்தால் தெரியும் வானம் மிகச் சிறியது. வெளிச்சம் பல முறை சுவரில் பட்டுத்தான் கீழே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும். 5-க்கு 6 முற்றத்தில் ஆழம் அகலத்தைப் போல் நான்கு மடங்குதான். முதல் தளத்தில் ஒரு பக்கச் சுவரை 2 அடி பின்வாங்கி முற்றத்தை மேலே அகலமாக்க முடிந்தால் கீழ்த்தளத்துக்கு நல்ல பலன் கிடைக்கும்.

உள் சுவர்களுக்கு வெள்ளை அடிப்பதை அலங்காரமாக நினைக்காதீர்கள். பழுப்பு டைல்ஸோ கருங்கல் பதிப்போ ஒட்டினால் கிடைத்த வெளிச்சத்தைச் சுவரே விழுங்கிவிடும். மழைநீர் வழிந்து பாசி பிடிக்காதபடி வெளிப்புற எமல்ஷன் அடித்து, சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

கழிவறை வென்டிலேட்டரை மட்டும் இந்த முற்றத்தில் திறக்க வேண்டாம். காற்று திசை மாறும் நாளில் நாற்றம் சாப்பாட்டு மேசைக்கு வரும். அதனால்தான் மேலே சொன்ன அமைப்பில் குளியலறையைப் பின்சுவரில் வைத்தோம். தனி டக்டே தேவைப்படவில்லை.

முற்றத்தின் மேல் கண்ணாடியோ பாலிகார்பனேட் ஷீட்டோ போட்டு மூடிவிடலாமா? மழை, குரங்கு, திருடன் எல்லாம் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஆனால் சுற்றிலும் அடைத்து மூடினால் முற்றம் வைத்த பலன் போய்விடும். வீட்டின் வெப்பக்காற்று மேலே ஏறி, வெளியேற வழியில்லாமல் மாடி அறைகளில் தங்கும். வேலூரில் இது இன்னும் மோசம். காரணம் சூரியனின் பாதை. நம் ஊர் அட்சரேகை ஏறக்குறைய 13 பாகை. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நடுவிலுள்ள மாதங்களிலும் உச்சியிலிருந்து 11 பாகைக்கு மேல் விலகாது. அக்னி நட்சத்திர நாட்கள் முழுக்க இதற்குள் அடக்கம். படுக்கை வசமாகப் போட்ட தெளிவான கண்ணாடிக்கு வருடத்திலேயே அதிக வெயில் விழுவது நமக்கு வெயில் வேண்டாத காலத்தில்தான்.

செய்ய வேண்டியது இது. முற்றத்தின் வாய்க்கு 12 மில்லிமீட்டர் கம்பியில் 4 அங்குல இடைவெளிக் கிரில். மூடும் ஷீட்டைக் கைப்பிடிச் சுவரின் மேல் 1½ அடி தூக்கி நிறுத்துங்கள். 5-க்கு 6 முற்றத்தின் சுற்றளவு 22 அடி. 1½ அடி உயர இடைவெளி சுற்றிலும் இருந்தால் 33 சதுர அடித் திறப்பு கிடைக்கும். முற்றத்தின் வாய் 30 சதுர அடிதான், ஆக காற்றுக்குத் தடை இல்லை. ஷீட் நான்கு பக்கமும் 2 அடி வெளியே நீண்டிருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும் என்பதால் கிழக்கு, வடக்குப் பக்கங்களில் சாய்ந்த லூவர் பலகை வையுங்கள். மற்ற இரண்டு பக்கம் வலை போதும்.

ஷீட் தெளிவானதாக இல்லாமல் பால் வெள்ளை நிறமாக இருக்கட்டும். சித்திரை முதல் ஆடி வரை அதன் மேல் நிழல்வலை இழுத்துக் கட்டக் கொக்கிகளை இப்போதே பதித்துவிடுங்கள். இவ்வளவு செய்தாலும் பெருமழையில் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும். முற்றத் தரையை 3 அங்குலம் தாழ்த்தி, வாட்டம் கொடுத்து, 4 அங்குலக் குழாயில் வெளியே எடுத்துவிடுங்கள்.

காற்றே வீசாத ராத்திரிகளில் இந்த முற்றத்தால் என்ன பயன்?

அப்போதுதான் இதன் பயன் தெரியும். பகலெல்லாம் சூடேறிய சுவர்கள் இரவில் உள்காற்றைச் சூடாக்கும். சூடான காற்று இலேசாகி முற்றத்தின் வழியே மேலேறும். அந்த இடத்துக்குக் கீழ் ஜன்னல்களின் வழியாக வெளியே ஆறிய காற்று வரும்.

அளவைப் பாருங்கள். கீழ் ஜன்னலின் நடுவிலிருந்து முற்றத்தின் உச்சித் திறப்பு வரை 20 அடி, உள்ளும் வெளியும் 3 டிகிரி வித்தியாசம், கீழும் மேலும் உண்மையில் திறந்திருக்கும் பரப்பு தலா 11 சதுர அடி. இப்படியிருந்தால் மணிக்கு ஏறக்குறைய 1,600 கன மீட்டர் காற்று நகரும். இந்த வீட்டின் கீழ்த்தளத்துக் கொள்ளளவு சுமார் 160 கன மீட்டர். மணிக்குப் பத்து முறை காற்று முழுதாக மாறும், மின்விசிறி ஓடாமலே.

இது உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரம் கால் பங்கானால் காற்று பாதியாகும். ஒரே தளமுள்ள வீட்டில் கூரையில் சிறு துளை விட்டுப் பெரிதாக எதிர்பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம்.

முன் ஜன்னல் எவ்வளவு பெரியது வேண்டும்? மேற்கு வெயில் உள்ளே வந்து கொன்றுவிடுமே?

அறைத் தரைப் பரப்பில் எத்தனை பங்கு திறப்பு என்பதற்குத் தேசிய கட்டட விதித் தொகுப்பு வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கும், ஈரமான வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கும் குறைந்தபட்ச அளவாகச் சொல்கிறது. வேலூர் சித்திரையில் வறண்டும் ஐப்பசியில் புழுங்கியும் இருக்கும். அதனால் ஏழில் ஒரு பங்கை ஒட்டி வைப்பது நல்லது. ஹால் 203 சதுர அடி. 5 அடி அகலம், 4½ அடி உயர ஜன்னல் ஒன்று 22½ சதுர அடி. வாசற்கதவுக்கு மேல் 3½-க்கு 1½ வென்டிலேட்டர் 5¼ சதுர அடி. மொத்தம் ஏறக்குறைய 28. சரியாக இருக்கும்.

வெயிலுக்கு வருவோம். மே மாதம் மாலை 4 மணிக்கு 2 அடி சன்ஷேட் ஜன்னலின் மேல் 1½ அடியைக்கூட முழுதாக மறைக்காது. 5 மணிக்கு 9 அங்குலம்தான் மறைக்கும். மீதி மூன்றரை அடிக்கு மேல் வெயில் நேராக உள்ளே வரும். மேற்குப் பக்கத்தில் சன்ஷேடின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போவது காசுக்குப் பிடித்த கேடு. தாழ்ந்த வெயிலைச் செங்குத்தாகத்தான் தடுக்க வேண்டும்: திண்ணையின் முகப்பில் செங்கல் ஜாலி, அல்லது சன்ஷேட் விளிம்பிலிருந்து தொங்கும் மூங்கில் தட்டி, அல்லது ஜன்னலுக்கே லூவர் வைத்த மரக்கதவு. எதுவானாலும் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலை, வெப்பம் உள்ளே வந்த பிறகு மறைப்பதால் வெளிச்சத்தை மட்டுமே குறைக்கும்.

யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் அழகாக இருக்கிறதே, அதைப் போடலாமா?

இரண்டு தடம் உள்ள ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும். மேலே சொன்ன 22½ சதுர அடி, காற்றுக்கு 11 ஆகிவிடும். அதன் மேல் கொசுவலை வந்தால் இன்னும் குறையும், தூசி படிந்த வலையில் ரொம்பவே குறையும். ஜன்னலுக்கு இடமே அரிதாக உள்ள வீட்டில் முழுதாகத் திறக்கும் கதவு ஜன்னல்தான் வேண்டும். வலையைக் கழற்றிக் கழுவும்படி தனிச் சட்டத்தில் வையுங்கள்.

ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் காற்று ஓடவில்லை. ஏன்?

காற்று ஓடும் பாதையில் மிகச் சிறிய திறப்பு எதுவோ அதுதான் முழுப் பாதையையும் தீர்மானிக்கும். முன்னால் 20, பின்னால் 20 சதுர அடி திறந்திருக்கிறது, நடுக்கதவும் 20 சதுர அடிக்குத் திறந்திருக்கிறது என்றால் மூன்றும் சேர்ந்து 11½ சதுர அடித் திறப்பாக வேலை செய்யும். அந்தக் கதவைச் சாத்தி, அதன் மேல் 3 சதுர அடி வென்டிலேட்டர் மட்டும் இருந்தால் அது 3 சதுர அடிக்கும் கீழே விழும். முன் ஜன்னலை இரட்டிப்பாக்கினாலும் மாற்றம் தெரியாது.

எனவே உள்கதவு ஒவ்வொன்றின் மேலும் கதவின் அகலம் முழுக்க 1½ அடி உயர வென்டிலேட்டர் விடுங்கள். லாஃப்ட் போடுகிறவர்கள் சரியாக இதே உயரத்தில்தான் அடைத்துவிடுகிறார்கள். லாஃப்டை வேறு சுவருக்கு மாற்றுங்கள். கதவை மாற்றும்போது கீழ்ப்பாதியில் லூவர் வைத்ததை வாங்கினால் இன்னும் நல்லது.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் ஊதுவத்தி போதும். எல்லாவற்றையும் திறந்து, மின்விசிறிகளை நிறுத்தி, ஒவ்வொரு கதவிடுக்கிலும் பிடித்துப் பாருங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அங்கே ஓட்டம் உண்டு. நேராக மேலே போனால் பாதை அதற்கு முன்போ பின்போ அடைபட்டிருக்கிறது.

ஜன்னலைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைப்பது?

படுக்கும் அறையில் அடி விளிம்பு 2 அடி. கட்டிலில் படுத்தவர் மேல் காற்று படும் உயரம் அதுதான். உத்தரத்துக்குக் கீழே வென்டிலேட்டர் மட்டும் வைத்தால் சூடு வெளியேறும், உடம்பில் காற்று படாது. லிண்டலை 7 அடியில் நிறுத்தாமல் 8 அடிக்கு ஏற்றினால் வெளிச்சம் இன்னும் 2 அடிக்கு மேல் உள்ளே போகும். 10 அடி உயரத் தளத்தில் இதற்குச் செலவு அதிகமில்லை. ஆனால் லிண்டல் கான்கிரீட் போடுவதற்கு முன்பே மேஸ்திரியிடம் சொல்லிச் சுவரில் குறித்துவிட வேண்டும். சமையலறையில் மேடைக்கு மேலே, 3½ அடியில் தொடங்கினால் போதும்.

சித்திரை, வைகாசியில் பகல் முழுக்க ஜன்னலைத் திறந்து வைக்கலாமா?

கூடாது. வெளியே 40 டிகிரி, உள்ளே 34 என்றால் காற்றோட்டம் என்பது வெப்பத்தை இறக்குமதி செய்வதுதான். காலை ஒன்பது மணிவாக்கில் சாத்திவிட்டு, வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்ததும் திறவுங்கள். உள்ளே ஒன்று, வெளியே நிழலில் ஒன்று என இரண்டு சாதாரண வெப்பமானிகள் மாட்டினால் அந்த நேரம் துல்லியமாகத் தெரியும். ஊரைச் சுற்றிப் பாறை மலைகள் இருப்பதால் வேலூரில் இது பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் வரும். அதனால் இரவு முழுக்கத் திறந்து வைக்கக்கூடிய ஜன்னல் தேவை. கிரில், வலை, சாரல் தடுப்பு மூன்றும் இல்லாத ஜன்னலை யாரும் இரவில் திறந்து வைப்பதில்லை.

எங்கள் வீடு தெற்குப் பார்த்தது. இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். உங்களுக்கு வெயில் பிரச்சினை குறைவு, கிழக்கு மேற்குச் சுவர்களைப் பக்கத்து வீடுகளே மறைத்துவிடுகின்றன. டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 54 பாகை உயரத்தில் இருக்கும், 2 அடி சன்ஷேட் ஜன்னலின் 2¾ அடியை மறைக்கும். அதுவே போதும். ஆனி முதல் ஆவணி வரையிலான மேல்காற்று உங்கள் தெருவோடு போய்விடும், உள்ளே திரும்பாது. அதைப் பிடிக்க, வெளிப்புறம் திறக்கும் ஜன்னல் கதவின் கீலைக் கிழக்கு ஓரத்தில் வையுங்கள். விரிந்த கதவு மேற்கிலிருந்து வரும் காற்றைத் தடுத்து அறைக்குள் திருப்பும்.

கட்டி முடித்த வீடு. முற்றம் இல்லை. இப்போது என்ன செய்ய முடியும்?

மொட்டை மாடிக்குப் போகும் படியின் ஹெட்ரூமிலிருந்து தொடங்குங்கள். அதுவே தயாராக உள்ள முற்றம். எதிரெதிரான இரண்டு சுவர்களில், கூரைக்கு 6 அங்குலம் கீழே, தலா 4-க்கு 2 அடி லூவர் ஜன்னல் திறவுங்கள். படிக்கட்டின் சுவருக்கு வெள்ளை அடியுங்கள். கீழே படிக்குப் போகும் வழியில் கதவு இருந்தால் அதைக் கிரில் கதவாக மாற்றுங்கள். பிறகு உள்கதவுகளின் மேல் வென்டிலேட்டர்களை உடைத்துத் திறவுங்கள். லிண்டலுக்கு மேலே இருப்பது வெறும் செங்கலா, உத்தரமா என்று பார்த்துவிட்டு உடைக்க வேண்டும்.

தளத்தை வெட்டி வெளிச்சத் துளை போடுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் தளத்தின் கம்பியை அறுத்தால் தளத்தின் பலமே மாறும். கட்டமைப்புப் பொறியாளர் இடம் குறித்துக் கொடுக்காமல் 2-க்கு 2 அடிகூட வெட்டக் கூடாது.

பக்கத்து மனை காலியாக இருக்கிறது. அந்தப் பக்கம் இப்போதைக்கு ஒரு ஜன்னல் வைத்துக்கொள்ளலாமா?

எல்லைச் சுவரில் வைக்கும் ஜன்னல், பக்கத்துக்காரர் கட்டும் நாள் வரைதான். 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டப்படி, ஒரு திறப்பின் வழியே வெளிச்சமும் காற்றும் தடையின்றி, உரிமையாக 20 ஆண்டுகள் அனுபவித்திருந்தால்தான் அது உரிமையாகும். அதற்கு முன் அவர் தன் மனையில் சுவர் எழுப்பினால் உங்களால் தடுக்க முடியாது. அந்த ஜன்னலை நம்பி உள்ளே படுக்கையறையோ சமையலறையோ அமைத்திருந்தால் அன்றோடு அந்த அறை இருட்டு அறை. அந்தச் சுவரை முழுச் சுவராகவே கட்டி, வெளிப்பூச்சையும் மனை காலியாக இருக்கும்போதே பக்கத்துக்காரரிடம் கேட்டு முடித்துவிடுங்கள். அவர் கட்டிய பிறகு உங்களால் அந்தப் பக்கம் பூச முடியாது, இரண்டு சுவருக்கும் இடையில் இறங்கும் மழைநீர் உங்கள் அறையில் ஓதமாக வரும்.